எட்டா, ஆறா? கட்டை அடுக்கும் மூன்று படங்களும்

தரம் 8, 9 இல் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பதிவு நீளம்தான். ஆனால் ஒரு சின்னக் கேள்வி இரண்டு கிழமையாக எங்கள் ஆசிரியர் அறையையும் சில வீடுகளையும் படுத்திய பாட்டை எழுதாமல் விட மனமில்லை.

கணிதப் புத்தகத்தில் ஒரு பாடம் வரும். சிறு சதுரமுகிகளை ஒன்றோடொன்று சேர்த்தும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கி ஒரு திண்மம் செய்திருப்பார்கள். அதன் சாய்வான படம் ஒன்று இருக்கும். மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம் கீற வேண்டும். "இது என்ன கணக்கா, சித்திரமா?" என்று ஒரு வாப்பா எங்களிடமே கேட்டார். சமன்பாட்டை மளமளவென்று தீர்க்கிற பிள்ளைகள்கூட இதில் தடுமாறுவதைப் பார்த்தால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

தடுமாற்றத்துக்கு முதல் காரணம் அந்தச் சாய்வுப் படம்தான். அது ஏற்கெனவே ஒரு படம். படத்தைப் பார்த்து இன்னொரு படம் கீறச் சொல்கிறோம், பொருளைப் பிள்ளை கண்ணால் கண்டதே இல்லை. அதனால் நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்கள் தெருவிலுள்ள ஓடாவிக் காக்காவிடம் போனோம். இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்தின் கழிவுத் துண்டு அவரிடம் நிறையக் கிடந்தது. 24 கட்டை வெட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. வெட்டும்போது ஒரு விஷயம் சொல்லித் தந்தார். சட்டம் முழுக்க இரண்டிரண்டு அங்குலத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் பிறகு வாளை இழுத்தால், வாள் தின்னுகிற மரம் ஒவ்வொரு கட்டையிலும் குறையும். ஒரு பக்கம் இரண்டு அங்குலம், மறுபக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு என்றால் அது சதுரமுகியே அல்ல, மூன்று கட்டை அடுக்கினதும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒன்றை அளந்து வெட்டி, வெட்டிய முகத்திலிருந்து அடுத்ததை அளக்க வேண்டும். வீட்டில் செய்வதென்றால் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியை வெட்டினாலும் போதும்.

கட்டைகளை மேசையில் வைக்க முன்னர் ஒரு பெரிய தாளில் சதுரக் கட்டங்கள் கீறி, அதன் ஒரு விளிம்பில் "முன்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைப்போம். இது விளையாட்டல்ல. எது முன்பக்கம் என்று முதலில் முடிவாகாவிட்டால் பிறகு கீறுகிற மூன்று படத்துக்கும் அர்த்தம் கிடையாது. சோதனைத் தாளில் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அரைவாசிப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது கண்ணை எங்கே வைப்பது. மேசைக்குக் கிட்ட நின்று குனிந்து பார்த்தால் கட்டையின் முன்முகத்தோடு மேல்முகமும் தெரியும், பின்னால் உள்ள கட்டை சிறிதாகவும் தெரியும். பிள்ளை கண்டதைக் கண்டபடி கீறும், நாங்கள் பிழை போடுவோம். பிள்ளையில் குற்றமில்லை. இந்தப் படங்கள் மிகத் தூரத்திலிருந்து நேராகப் பார்ப்பதுபோலக் கீறப்படுபவை. ஆகவே பிள்ளையை வகுப்பின் மறுசுவர் வரை பின்னால் போகச் சொல்லி, குந்தி இருந்து, கண்ணைக் கட்டைகளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வோம். அப்போது முன்கட்டையும் பின்கட்டையும் ஒரே தட்டையான சதுரங்களாகச் சேர்ந்துவிடும். வகுப்பில் ஒரு சிரிப்பும் கிளம்பும். அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஒரு திண்மத்தை எடுத்துக்கொள்வோம். பின்வரிசையில் இடமிருந்து வலமாக மூன்று கட்டை உயரம், ஒரு கட்டை உயரம், இரண்டு கட்டை உயரம். முன்வரிசையில் இடப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் வெறும் தாள். இதை இப்படி எழுதலாம்:

பின் வரிசை: 3 1 2
முன் வரிசை: 1 1 0

எண்களைக் கூட்டினால் 8 கட்டை. இந்தச் சின்ன எண் அட்டவணையை நாங்கள் "உயர வரைபடம்" என்று வகுப்பில் சொல்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கட்டை நிற்கிறது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. கொப்பியில் வேறொன்றையும் கீறாமல் முதலில் இதை எழுதப் பழகிய பிள்ளைக்குப் பிறகு வருகிற வேலை பெரும்பாலும் இலேசு.

மேல்தோற்றம் ஆக எளிது. எங்கெல்லாம் 0 இல்லையோ அங்கெல்லாம் ஒரு சதுரம். பின்னால் மூன்று, முன்னால் இடத்திலும் நடுவிலும் இரண்டு, மொத்தம் ஐந்து சதுரம். மூன்று கட்டை நின்றாலும் ஒரு கட்டை நின்றாலும் மேலிருந்து பார்த்தால் ஒரு சதுரம்தான்.

முன்தோற்றத்தில்தான் முதல் வழுக்கல். இட நிரலில் பின்னால் 3, முன்னால் 1. பிள்ளைகளில் சிலர் இரண்டையும் கூட்டி நான்கு சதுரம் கீறி விடுவார்கள். முன்னால் உள்ள கட்டை, பின்னால் உள்ள கோபுரத்தின் அடிக்கட்டையை மறைக்கிறதே தவிர அதன்மேல் ஏறவில்லை. ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக நிற்பவற்றில் ஆக உயர்ந்தது எதுவோ அதன் உயரம்தான் தெரியும். ஆகவே இடமிருந்து வலமாக 3, 1, 2. ஆறு சதுரம், அவ்வளவுதான்.

வலப்பக்கத் தோற்றத்தில் இரண்டாவது வழுக்கல். எழுந்து போய் மேசையின் வலப்பக்கத்தில் நின்று பாருங்கள். திண்மத்தின் முன்பக்கம் இப்போது உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும், பின்பக்கம் வலது கைப்பக்கம் இருக்கும். முன்வரிசையில் ஆக உயர்ந்தது 1, பின்வரிசையில் ஆக உயர்ந்தது 3. எனவே படத்தில் இடப்பக்கம் ஒரு சதுரம், வலப்பக்கம் மூன்று சதுரம். கதிரையை விட்டு எழும்பாமல் தலையைச் சாய்த்துக் கீறுகிற பிள்ளை இதை இடம்வலம் மாற்றிக் கீறிவிடும். அப்படி மாறினால் அது இடப்பக்கத் தோற்றமாகிவிடும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. பக்கத்தோற்றத்தில் எந்த விளிம்பு "முன்" என்று பென்சிலால் சின்னதாக எழுதி, தாளில் எழுதிய "முன்" பக்கத்தோடு ஒத்துப் பார்த்தால் போதும்.

இது வரைக்கும் சண்டையில்லை. திண்மத்தைத் தந்து படம் கேட்டால் ஒரே விடைதான். சண்டை வந்தது மறுவளமாகக் கேட்டபோது.

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று வெளியில் எழுதிய மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று தோற்றங்களையும் தந்திருந்தார்கள். மூன்றும் ஒரே மாதிரி: இரண்டுக்கு இரண்டு, நான்கு சின்னச் சதுரம் சேர்ந்த ஒரு பெரிய சதுரம். "இத்திண்மத்தில் உள்ள சதுரமுகிகளின் எண்ணிக்கை யாது?" என்பது கேள்வி. பிள்ளை எழுதியது 6. சிவப்புப் பேனையால் வெட்டி 8 என்று எழுதியிருந்தது. உம்மா பாடசாலைக்கே வந்துவிட்டார். "சேர், பிள்ள ரெண்டு நாளாச் சாப்பிடுதில்ல. கட்டைய அடுக்கிக் காட்டுது, ஆறுதான் எண்டு அழுது. எங்களுக்குப் பாத்தா அதுவும் சரி போலதான் கிடக்கு" என்றார்.

கட்டைப் பெட்டியை எடுத்து மேசையில் கொட்டினோம். பிள்ளை அடுக்கிக் காட்டியது இதுதான்:

பின் வரிசை: 2 1
முன் வரிசை: 1 2

மேலிருந்து பார்த்தால் நான்கு சதுரம். முன்னாலிருந்து பார்த்தால் இட நிரலில் ஆக உயர்ந்தது 2, வல நிரலிலும் 2, ஆக நான்கு சதுரம். பக்கத்திலிருந்து பார்த்தாலும் முன்வரிசையில் 2, பின்வரிசையில் 2. கட்டைகளை எண்ணினால் ஆறு! எட்டுக் கட்டை அடுக்கிய முழுச் சதுரமுகியும் அதே மூன்று படத்தைத்தான் தரும். ஒரு கட்டையை மட்டும் மேலிருந்து எடுத்தால் ஏழு, அதுவும் அதே மூன்று படம். ஆக 6, 7, 8 மூன்றும் சரியான விடை. "எண்ணிக்கை யாது" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. "ஆகக் குறைந்தது எத்தனை" என்று கேட்டிருந்தால் பிள்ளையின் விடை, "ஆகக் கூடியது எத்தனை" என்று கேட்டிருந்தால் தாளில் எழுதிய விடை.

ஐந்தாகக் குறைக்க முடியாதா என்று உம்மாவே கேட்டார். முடியாது. மேலிருந்து நான்கு சதுரமும் தெரிய வேண்டுமென்றால் நான்கு கட்டத்திலும் ஒவ்வொரு கட்டையாவது வேண்டும், அது நாலு. இட நிரலில் ஒரு கோபுரம், வல நிரலில் ஒரு கோபுரம் வேண்டும். ஒரே கோபுரம் இரண்டு நிரலிலும் நிற்க முடியாது. ஆகவே மேலும் இரண்டு. அந்த இரண்டையும் மூலைக்கு மூலையாக வைத்தால் பக்கத்தோற்றமும் சேர்ந்து நிறைவேறிவிடும். ஒரே வரிசையில் வைத்தால் பக்கத்தோற்றம் குறைபடும், மூன்றாவது கோபுரம் கட்ட வேண்டி வரும்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைகளைக் குழப்பாதீங்க, படத்தில எட்டு எண்டா எட்டுத்தான்" என்றார் ஒருவர். தொழினுட்பப் பாடம் எடுக்கிற இளம் ஆசிரியர் மட்டும் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு வெண்கட்டியை எடுத்தார். அவர் காட்டியதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல நினைத்தோம்.

எங்கள் கணித வகுப்பில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு சதுரம் கீறுகிறோம். இரண்டு கட்டைகளின் முகங்கள் ஒரே மட்டத்தில் இருந்தாலும் இடையில் கோடு போடுகிறோம், ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக இருந்தாலும் கோடு போடுகிறோம். தொழினுட்ப வரைதலில் திண்மத்தை ஒரே துண்டாக எடுத்துக்கொள்வதால் அப்படிச் செய்வதில்லை. ஒரே மட்டத்தில் ஒட்டிய இரண்டு முகங்களுக்கிடையில் கோடு கிடையாது. மட்டம் மாறுகிற இடத்தில்தான், அதாவது உண்மையான விளிம்பு இருக்கிற இடத்தில்தான், கோடு வரும். மறைந்திருக்கிற விளிம்பை விட்டுவிட்டுப் போகிற முறிகோட்டால் காட்டுவார்கள்.

இந்த விதியை வைத்துக்கொண்டு அதே மூன்று திண்மங்களையும் கீறிப் பாருங்கள். எட்டுக் கட்டை என்றால் மேல்தோற்றம் உள்ளே ஒரு கோடும் இல்லாத வெறும் சதுரம். ஆறு கட்டை என்றால் எந்த இரண்டு அயல் கட்டமும் ஒரே உயரமில்லை, ஆகவே நடுவில் கூட்டல் குறி போல நான்கு கோடும் வந்துவிடும். முன் வலது மூலையின் மேல்கட்டையை மட்டும் எடுத்த ஏழு என்றால் அந்த மூலையில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் தனியே தெரியும். மூன்று திண்மம், மூன்று வேறு படம். நாங்கள் பிள்ளைகளுக்கு இலேசாக இருக்கட்டும் என்று எல்லாக் கோட்டையும் போட்டோம், அந்தக் கோடுகளே உயரம் மாறுகிற இடத்தை மூடிவிட்டன. தாளில் கோடுகள் கூடியதால் தகவல் குறைந்துபோனது!

இன்னொன்றும் கவனித்தோம். பின் இடது மூலையின் மேல்கட்டையை எடுத்து ஏழாக்கினால் முன்னாலும் வலப்பக்கத்திலும் நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, இரண்டும் வெறும் சதுரம். மேல்தோற்றத்தில் மட்டும் அந்த மூலை தனியாகத் தெரியும். முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டுமென்றால் முறிகோடு தேவை. மேசன்மாரும் ஓடாவிமாரும் வரைபடத்தில் முறிகோட்டை ஏன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்கு அன்றுதான் சரியாக விளங்கியது.

இந்த வரைதல் முறையை ஒழுங்கான பாடமாக்கியவர் கஸ்பார் மொஞ்ச் என்ற பிரெஞ்சுக் கணிதர். 1795 இல் பாரிஸில் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென்று திறந்த பாடசாலையில் அவர் இதை விரிவுரையாக நடத்தினார். கலாசாலையில் படித்து வந்த எங்களுக்கு இதைக் கேட்க ஒரு தனிச் சந்தோசம், பொறியியலாளர் படிக்கிற பாடம் ஒரு காலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பாடமாகவும் இருந்திருக்கிறது.

"அடுக்கிய" என்ற சொல்லிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் மேசையிலோ இன்னொரு கட்டையின் மேலோ நிற்கிறது என்று நாங்கள் பேசாமலே ஒத்துக்கொண்டுவிட்டோம். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் ஆறுகூடத் தேவையில்லை, நான்கு போதும். கீழ்த்தட்டில் ஒரு மூலைக்கு மூலை இரண்டு கட்டை, மேல்தட்டில் மற்ற மூலைக்கு மூலை இரண்டு கட்டை. மூன்று பக்கமிருந்தும் நிறைந்த நான்கு சதுரம்தான் தெரியும். ஆனால் கட்டைகள் ஒன்றையொன்று விளிம்பில் மட்டும் தொடுகின்றன, மேலே உள்ளவற்றுக்குக் கீழே வெறும் காற்று. மரத்தில் இது நிற்காது. உருளைக்கிழங்கை வெட்டி ஈர்க்குக் குத்தித்தான் செய்து காட்டினோம். கிழங்கு விற்கிற விலையில் இது கொஞ்சம் ஆடம்பரம்தான், இருந்தாலும் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

அப்படியானால் மூன்று தோற்றம் தந்து எண்ணிக்கை கேட்கும் எல்லாக் கேள்வியும் பிழையா? இல்லை. முதலில் பார்த்த எட்டுக் கட்டைத் திண்மத்துக்குத் திரும்புங்கள். முன்தோற்றம் 3, 1, 2. பக்கத்தோற்றம் முன்வரிசை 1, பின்வரிசை 3. மேல்தோற்றத்தில் ஐந்து சதுரம். இப்போது வெறும் மேல்தோற்றத்தைக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் நிரலுக்குரிய எண்ணையும் வரிசைக்குரிய எண்ணையும் பார்த்து, சிறியதை எழுதுங்கள். பின் இடதில் 3, 3 இரண்டில் சிறியது 3. பின் நடுவில் 1. பின் வலதில் 2. முன்வரிசையில் இரண்டும் 1. கூட்டினால் 8. இது ஆகக் கூடிய எண்ணிக்கை.

இனி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இதைக் குறைக்கலாமா? 1 என்று உள்ள கட்டங்களைக் குறைக்க முடியாது, குறைத்தால் மேல்தோற்றத்தில் ஓட்டை விழும். வலது நிரலில் ஒரே ஒரு கட்டம்தான், அது 2 ஆகத்தான் இருக்க வேண்டும். 3 ஐக் குறைத்தால் இட நிரலில் 3 உயரம் காட்ட வேறு ஆள் இல்லை. ஒன்றையும் குறைக்க முடியாததால் எட்டு என்பது ஒரே விடை. அந்தக் கேள்வியைத் தாளில் போட்டிருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். கேள்வி தயாரிக்கிறவர் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்து பார்த்தால் போதும். குறைக்கக்கூடிய ஒரு கட்டமாவது இருந்தால் கேள்வியில் "ஆகக் கூடியது" அல்லது "ஆகக் குறைந்தது" என்ற சொல் வர வேண்டும்.

உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளையின் விடை தாளில் உள்ள விடையோடு ஒத்துவராவிட்டால் உடனே ஏசிவிடாதீர்கள். "நீ அடுக்கினத காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை அடுக்கியதை மூன்று பக்கமும் கண்ணை மட்டத்துக்கு வைத்துப் பாருங்கள். மூன்று படமும் சரியாக வந்தால் அந்த விடைக்கு ஆதாரம் இருக்கிறது, எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள். வராவிட்டால் எந்தப் படத்தில் வரவில்லை என்று பிள்ளைக்கே விளங்கிவிடும்.

இப்போது எங்கள் வகுப்பில் மூன்றுக்கு மூன்று நடக்கிறது. மூன்று தோற்றமும் ஒன்பது சதுரம் நிறைந்த திண்மம் ஒன்று செய்யச் சொன்னோம். பின்வாங்கில் இருந்த பையன் கை தூக்கி, "சேர், 27 கட்டை வேணும், பெட்டிக்குள்ள 24தான் கிடக்கு, காக்காட்டப் போய் இன்னும் மூணு வெட்டிட்டு வரட்டா?" என்றான். முன்னால் இருந்த பிள்ளைகள் ஏற்கெனவே அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒன்பது கட்டத்திலும் ஒவ்வொரு கட்டை வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள மூன்று கட்டத்தில் மட்டும் இன்னும் இரண்டிரண்டு ஏற்றினார்கள். 15 கட்டை. மூன்று பக்கமும் ஒவ்வொருவராகக் குந்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். மிச்சம் ஒன்பது கட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்தது.